லண்டன் பதிவும் கோத்தகிரி கிளினிக்கும்: பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பி.ஐ. பாலிசி வாங்கிய வழி

2024 பிப்ரவரியில் ஒரு மாலை. குன்னூரில் பனி இறங்கியிருந்தது. காப்பீட்டு ஏஜென்ட்டான எனக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் போன் செய்தார். "அண்ணா, ரிஜிஸ்ட்ரேஷன் ரின்யூ பண்ணணும். ஒரு இடத்துல டிக் போடச் சொல்றான். போட்டுடலாமா?"

அவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஓர் அரசு மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2021-இல் ஊர் திரும்பியவர். 2022 ஜனவரியில் டானிங்டன் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் திறந்தார். தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்துப் பறித்து இடுப்பு போனவர்கள், சரிவில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருகிறார்கள். அது போக, லெஸ்டரில் பழக்கமான ஐந்து பேருக்கு 2022 ஜூலையிலிருந்து வீடியோவில் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார். பிரிட்டனில் 'பிசியோதெரபிஸ்ட்' என்பது சட்டம் காக்கும் பட்டம். எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறைக் கவுன்சிலில் பதிவு இருப்பவர்தான் அங்கே அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். அதனால்தான் ஊர் திரும்பிய பிறகும் பதிவை விடாமல் வைத்திருந்தார்.

அவர் டிக் போடப்போன அந்த ஒரு வரி பி.ஐ. என்ற தொழில்சார் இழப்பீட்டுக் காப்பீட்டைப் பற்றியது; சிகிச்சையால் கெடுதல் வந்தது என்று யாராவது வழக்குப் போட்டால் வக்கீல் செலவையும் இழப்பீட்டையும் தாங்கும் காப்பீடு அது. அதைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி. நர்ஸ், பல் மருத்துவர், ஸ்பீச் தெரபிஸ்ட் என்று வெளிநாட்டுப் பதிவோடு மலைக்குத் திரும்பியவர்கள் பலருக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

முதல் படி: உரிமம் என்ன கேட்கிறது என்று அந்த வரியையே படியுங்கள்

பிரிட்டனில் 2014 ஜூலையில் வந்த ஓர் ஆணை, உடல்நலத் தொழில்களில் பதிவு பெற்றவர்கள் தொழில் செய்யும்போது தகுந்த இழப்பீட்டுப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பிசியோதெரபிஸ்ட்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரல் 30-க்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது 'தொழில் செய்யும்போது பாதுகாப்பு இருக்கிறது, அல்லது தொழில் செய்யும்போது இருக்கும்' என்று உறுதி சொல்ல வேண்டும். பாலிசி நகலை அப்போது யாரும் கேட்பதில்லை. இத்தனை லட்சத்துக்கு இருக்க வேண்டும் என்று தொகையும் சொல்வதில்லை. உங்கள் வேலையின் ஆபத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நகல் கேட்காததால் வெறும் சடங்கு என்று நினைத்து டிக் போட்டுவிடுகிறார்கள். ஒரு புகார் வந்து விசாரணை நடக்கும்போதுதான் பாலிசியை எடுத்துக் காட்டச் சொல்வார்கள். அன்று இல்லையென்றால், சிகிச்சையில் தவறே இல்லாவிட்டாலும் பொய் உறுதிமொழி என்ற தனிக் குற்றச்சாட்டு எழும், பதிவே போகலாம்.

நம் ஊர் நிலைமை வேறு. 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் பிசியோதெரபிஸ்ட்டுகளின் பதிவைப் பற்றிப் பேசுகிறது. பதிவுக்கு இந்தக் காப்பீட்டை நிபந்தனையாக வைக்கவில்லை. டாக்டர்களுக்கும் இங்கே அப்படித்தான். கோத்தகிரி கிளினிக்குக்கு மட்டும் என்றால் பாலிசி எடுப்பதும் எடுக்காததும் அவர் விருப்பம். வீடியோவில் பார்க்கும் அந்த ஐந்து பேரால்தான் அது நிபந்தனையாகிறது. வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் பி.ஐ. இல்லாமல் உரிமம் வைத்திருக்க முடியாத ஆட்களில் காப்பீட்டு புரோக்கர்களும் அடக்கம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிகள் அவர்களை அப்படிக் கட்டிப்போட்டிருக்கின்றன. என்னைப் போன்ற தனி ஏஜென்ட்டுக்கு அந்தக் கட்டு இல்லை.

இரண்டாவது படி: வேலையை ஒரே தாளில் எழுதுங்கள்

அவரிடம் கேட்டேன்: "இதுக்கு முன்னாடி 2022-ல என்ன பண்ணீங்க?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்பவும் டிக் போட்டேண்ணா. அங்க ஆஸ்பத்திரி பாத்துக்கும்னு நினைச்சேன்."

லெஸ்டர் மருத்துவமனையில் இருந்தபோது செய்த சிகிச்சைக்கு அந்த மருத்துவமனையின் பாதுகாப்பு உண்டு. வேலையை விட்ட பிறகு வழக்கு வந்தாலும் உண்டு. ஆனால் வேலையை விட்ட பிறகு சொந்தமாகச் செய்ததற்கு அது ஒரு பைசா தராது. ஆக, அவர் வீடியோ தொடங்கிய 2022 ஜூலையிலிருந்து போன் செய்த அன்று வரை ஏறக்குறைய இருபது மாதம் வெறுங்கையோடுதான் வேலை பார்த்திருக்கிறார்.

நான் சொன்னது இரண்டு. பாலிசி கைக்கு வரும் வரை வீடியோவை நிறுத்துங்கள். பழைய இருபது மாதத்தை மறைக்காமல் கவுன்சிலுக்கே எழுதிக் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்டதும் பயந்துவிட்டார். ஆனால் இன்னொரு டிக்கால் முதல் டிக்கை மூட முடியாது. மூன்று நாள் யோசித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பினார்.

பிறகு ஒரு தாளில் எழுத வைத்தேன். கோத்தகிரியில் மாதம் எத்தனை பேர், என்னென்ன சிகிச்சை, எந்தெந்தக் கருவி. ஊசி குத்தும் சிகிச்சை உண்டா? எலும்பைத் திருகிச் சரிசெய்வது உண்டா? உதவியாள் யாராவது நோயாளியைத் தொடுகிறாரா? வீடியோவில் எத்தனை பேர், எந்த நாடு, காசு எந்தக் கணக்குக்கு வருகிறது? கிளினிக் உங்கள் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா? காப்பீட்டு நிறுவனம் ப்ரபோசல் ஃபார்ம் என்ற விண்ணப்பத்தில் கேட்பது இதையேதான். ஃபார்ம் வந்த பிறகு அவசரத்தில் நிரப்பினால் ஏதாவது விட்டுப்போகும். விட்டுப்போனதைச் சொல்லிப் பிறகு பணம் மறுப்பார்கள்.

அந்தத் தாளில்தான் ஒரு விஷயம் வெளிவந்தது. அவர் இல்லாத நேரத்தில் சூட்டு ஒத்தடம் வைப்பது வரவேற்பில் இருக்கும் பெண். அவருக்குப் படிப்புச் சான்று எதுவும் கிடையாது. இதை எழுதலாமா என்று தயங்கினார். எழுதச் சொன்னேன். இது பின்னால் எவ்வளவு உதவியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது படி: எல்லை ஒன்றல்ல, இரண்டு

இந்த விஷயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பாலிசியில் உங்கள் விவரங்களைத் தொகுத்துத் தரும் ஷெட்யூல் பக்கத்தில் 'டெரிடரி', 'ஜூரிஸ்டிக்ஷன்' என்று இரண்டு வரி இருக்கும். முதலாவது, வேலை எங்கே நடந்தால் பாலிசி பேசும் என்பது. இரண்டாவது, எந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்கு வந்தால் பாலிசி பேசும் என்பது. முதல் வரியில் 'உலகம் முழுவதும்' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் நிம்மதியாகிவிடுவார்கள். அடுத்த வரியில் 'இந்தியா' என்று இருக்கும்.

லெஸ்டரில் இருக்கும் நோயாளி, இவர் சொன்ன பயிற்சியால் தோள் போய்விட்டது என்று வழக்குப் போட்டால் எங்கே போடுவார்? உதகையில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கா வருவார்? அங்கேயே போடுவார். ஜூரிஸ்டிக்ஷன் இந்தியா மட்டும் என்றிருந்தால் அந்த வழக்குக்கு வக்கீல் பீஸ்கூட வராது. அப்படி ஒரு பாலிசியை நம்பி எச்.சி.பி.சி. பக்கத்தில் டிக் போட்டால், பாலிசி எடுத்த பிறகும் உறுதிமொழி பொய்தான்.

மருத்துவத் தொழில் செய்பவர்களுக்கென்று பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் ஆயத்தமாக வைத்திருக்கும் பாலிசிகள் பொதுவாக இந்தியா என்ற ஒரே எல்லையோடுதான் வரும். எல்லையை விரிக்க வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். நம் மலைக் கிளை அலுவலகத்தில் இதைக் கேட்டால் கோவைக்கு எழுதிக் கேட்கிறோம் என்பார்கள். அங்கிருந்து சென்னைக்குப் போகும். நான் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் ஏஜென்ட். அந்த ஒரு நிறுவனத்தின் பாலிசியைத்தான் விற்க முடியும். அதனால் அவரை கோவையில் ஒரு புரோக்கரிடம் அனுப்பினேன். புரோக்கர் பல நிறுவனங்களிடம் விலை கேட்கலாம். சட்டப்படி அவர் வாடிக்கையாளர் பக்கத்து ஆள். எனக்கு இதில் கமிஷன் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இங்கிலாந்து கம்பெனியிலயே ஆன்லைன்ல வாங்கிட்டா?" என்றும் கேட்டார். இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு நிறுவனத்தின் பொதுக் காப்பீட்டுப் பாலிசியை மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணி விதி. தவிர, அங்குள்ள பாலிசிகள் பலவும் அங்கே வசிப்பவர்களுக்குத்தான். முகவரியில் கோத்தகிரி என்று போட்டதும் நின்றுவிடும். பழைய லெஸ்டர் முகவரியைப் போட்டு வாங்கினால் வழக்கு வரும் அன்று அது செல்லாக் காசு.

நான்காவது படி: தொகையை ரூபாயில் பார்க்காதீர்கள்

ஒரு கோடி என்றதும் பெரிய தொகையாகத் தெரிகிறது. 2024-இல் ஒரு பவுண்டு ஏறக்குறைய 105 ரூபாய். ஒரு கோடியை வகுத்தால் சுமார் 95,000 பவுண்டு. இதுபோன்ற பாலிசிகள் பெரும்பாலானவற்றில் வக்கீல் செலவும் அதே தொகைக்குள் அடக்கம். இங்கிலாந்தில் வழக்கு நடத்துவது என்றால் அதில் பாதி வக்கீலுக்கே போனாலும் ஆச்சரியமில்லை. மீதியில்தான் இழப்பீடு கொடுக்க வேண்டும்.

அடுத்து விகிதம். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஓராண்டு முழுமைக்கும் எவ்வளவு என்று இரண்டு உச்சவரம்பு இருக்கும். 1:1 என்றால் இரண்டும் ஒன்றே. 1:4 என்று வாங்கினால், ஒரு கோடி பாலிசியில் ஒரு சம்பவத்துக்கு 25 லட்சம்தான். பிரீமியம் குறைகிறதே என்று இதை வாங்குகிறவர்கள் உண்டு. தினமும் நூறு நோயாளி பார்க்கும் இடத்தில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஐந்து வெளிநாட்டு நோயாளிக்காகப் பாலிசி தேடுகிறவருக்கு ஒரே பெரிய வழக்குதான் பயம். அவருக்கு 1:1 தான் சரி.

அவருக்கு வந்த விலைகளைச் சொல்கிறேன். இவை அவருடைய தாளுக்கு வந்த விலைகள், பொது விலை அல்ல. இந்தியா மட்டும், ஒரு கோடி: 8,500 ரூபாய். அமெரிக்காவும் கனடாவும் நீங்கலாக உலகம் முழுவதும், ஜூரிஸ்டிக்ஷனும் அப்படியே, ஐந்து கோடி, 1:1: 62,000 ரூபாய். இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 11,160, ஆக 73,160.

எழுபத்து மூவாயிரம் என்றதும் வாயடைத்துப் போனார். சரி, வரவைப் போட்டுப் பார்ப்போம் என்றேன். ஐந்து பேர், ஆளுக்கு மாதம் இரண்டு முறை, முறைக்கு 25 பவுண்டு. மாதம் 250 பவுண்டு, ஏறக்குறைய 26,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். அதில் கால் பங்கு பாலிசிக்குப் போகிறது. இரண்டே பேர் இருந்திருந்தால், வீடியோவை நிறுத்திவிட்டு 8,500 ரூபாய் பாலிசியை எடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஐந்தாவது படி: பின்தேதி

பி.ஐ. பாலிசி வண்டிக் காப்பீடு மாதிரி அல்ல. விபத்து நடந்த அன்று பாலிசி இருந்ததா என்பது மட்டும் கணக்கில்லை. கோரிக்கை உங்கள் கைக்கு வரும் அன்று பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். கூடவே, சம்பவம் ஷெட்யூலில் உள்ள 'ரெட்ரோஆக்டிவ் டேட்' என்ற பின்தேதிக்குப் பிறகு நடந்ததாக இருக்க வேண்டும்.

முதல்முறை வாங்கினால் பின்தேதியைப் பாலிசி தொடங்கும் நாளாகவே போட்டுவிடுவார்கள். இவருக்கு வந்த முதல் விலைக் கடிதத்திலும் 2024 மார்ச் 11 என்றுதான் இருந்தது. அப்படியானால் அந்த இருபது மாதம் அந்தரத்திலேயே நிற்கும். இங்கிலாந்தில் காயம் தெரிய வந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு வரை வழக்குப் போடலாம். இங்கே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டு. அந்த வழக்குகள் இனிமேலும் வரலாம்.

புரோக்கர் திரும்ப எழுதினார். இதுவரை எந்தப் புகாரும் இல்லை, புகார் வரக்கூடிய சம்பவம் எதுவும் தெரியாது என்று இவர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நிறுவனம் 6,000 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு பின்தேதியை 2022 ஜனவரி 1 என்று மாற்றித் தந்தது. எல்லா நிறுவனமும் தராது. ஆனால் கேட்காதவருக்கு எந்த நிறுவனமும் தராது.

இந்தப் பின்தேதி பாலிசி இடைவிடாமல் ஓடும் வரைதான் நிற்கும். ஒரு வாரம் விட்டுப் புதுப்பித்தால் புதுப் பாலிசியாக எழுதி, அன்றைய தேதியையே பின்தேதியாகப் போட்டுவிடக்கூடும். சேர்த்த ஆண்டுகளெல்லாம் போகும். பிரீமியம் போய்ச் சேராமல் பாதுகாப்பு தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டம் 64வி.பி. பிரிவு. ஆகவே மார்ச் 10-ஆம் தேதி இரவு மழையில் நெட் போய்விட்டது என்ற கதை எடுபடாது. பத்து நாள் முன்பே கட்டச் சொல்வேன்.

ஆறாவது படி: பாலிசி வந்ததும் நான்கு இடம்

பாலிசி மின்னஞ்சலில் வரும். ஐம்பது பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஷெட்யூல் பக்கத்தை மட்டும் பென்சிலோடு பாருங்கள். பெயரும் தொழிலும், எல்லை இரண்டும், பின்தேதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய எக்ஸஸ் தொகை.

இவருடைய ஷெட்யூலில் தொழில் என்ற இடத்தில் 'கிளினிக்கில் பிசியோதெரபி' என்று இருந்தது. வீடியோ என்ற சொல்லே இல்லை. ப்ரபோசலில் எழுதியிருந்தும் டைப் செய்தவர் விட்டிருக்கிறார். திருத்தச் சான்று வாங்க ஒன்பது நாள் ஆனது. அது கைக்கு வந்த பிறகுதான், மார்ச் கடைசியில், வீடியோவை மறுபடி தொடங்கினார். அதற்குள் கவுன்சிலின் பதிலும் வந்திருந்தது. விளக்கத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு புதுப்பிக்க விட்டார்கள். ஏப்ரலில் டிக் போட்டார்.

உரிமம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பாலிசி ஆண்டுக்கு ஒரு முறை. உறுதிமொழி இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துத்தான். நடுவில் வரும் மார்ச் மாதத்தை மறப்பவர்கள்தான் அதிகம்.

ஏழாவது படி: ஏதாவது நடந்தால்

2024 டிசம்பர். கோத்தகிரியில் நல்ல குளிர். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்த ஒரு முதியவருக்கு, வரவேற்பிலிருந்த பெண் சூட்டு ஒத்தடம் வைத்தார். பெரியவருக்குச் சுடுவதே தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். மருந்து போட்டு அனுப்பினார்கள். பெரியவர் கோபப்படவும் இல்லை.

அன்று மாலையே எனக்குப் போன் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். நலம் விசாரிக்கலாம், மருந்துக்கு உதவலாம்; ஆனால் 'என் தவறு' என்று எழுதிக் கொடுத்தாலோ, இவ்வளவு தருகிறேன் என்று பேசினாலோ நிறுவனம் கைகழுவ இடம் கொடுத்ததாகும். அதற்குப் பதிலாக, யார், எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்தோம் என்று அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தோடு நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன். புகாரே வராதபோது எதற்கு என்று கேட்டார். இப்போதே சொல்லிவைத்தால், பின்னால் எப்போது வழக்கு வந்தாலும் இந்த ஆண்டுப் பாலிசியிலேயே அது அடங்கும் என்று அவருடைய பாலிசியில் ஒரு விதி இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்த புதுப்பித்தலில் 'புகார் வரக்கூடிய சம்பவம் ஏதும் தெரியுமா' என்ற கேள்விக்கு என்ன எழுதுவார்?

2025 ஆகஸ்டில், புண் ஆறாமல் கோவை வரை போய்வந்த பெரியவரின் மகன் உதகையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கேட்டது நான்கு லட்சம். நிறுவனம் முதலில் தேடியது, தகுதியில்லாத ஆள் சிகிச்சை செய்ததை ப்ரபோசலில் சொன்னாரா என்பதைத்தான். சொல்லியிருந்தார். அதை ஏற்று, உதவியாளர் செய்வதையும் சேர்த்துத்தான் பாலிசி தந்திருந்தார்கள். வக்கீல் வைத்தார்கள். எக்ஸஸ் 25,000 இவர் கையிலிருந்து. மீதியை நிறுவனம் பேசி முடித்தது.

இப்போது ஒத்தடம் வைக்கும் வேலையை அவரே செய்கிறார். இன்னும் சில ஆண்டில் வீடியோவை விட்டுவிட யோசனை. அப்படி விடும்போது பாலிசியையும் அன்றே நிறுத்திவிடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பழைய நோயாளியின் கோரிக்கை வரக் காலம் மிச்சமிருக்கும் வரை, புது வேலை இல்லாமல் பழையதற்கு மட்டும் பாதுகாப்பை நீட்டித்துத் தரக் கேட்க வேண்டும். அதற்கு என்ன விலை என்று கோவை புரோக்கரிடம் இப்போதே எழுதிக் கேட்டிருக்கிறார்.